அடித்தால் அம்மா வருவாள்

என் மகள் வகுப்பில் ஒரு பையனைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து முதல் போன் வந்தபோது, நான் மெடிக்கல் ஷாப்பில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். உடனே வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். முதலாளியிடம் சொல்லிவிட்டு ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ பிடித்து முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். ஹெச்.எம். அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் சுடிதார் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. வழியெல்லாம் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். அடித்துவிட்டு வந்த பிள்ளை இவ்வளவு நிம்மதியாக இருக்கிறதே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்போது அவளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பு. பேச்சு அவளுக்குத் தாமதமாகத்தான் வந்தது. வீட்டில் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவாள். பயமோ அழுகையோ வந்துவிட்டால் இருக்கிற வார்த்தையும் போய்விடும். அதற்கு முன் அவள் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. நான் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் ஒரே ஜூன் மாதத்தில்தான்.

என் கணவர் அதற்கு முந்தைய வருடம் இறந்துபோனார். மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் அவளுக்கு முத்தம் கொடுத்து, வேலைக்குப் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், மெஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். மகளை என் தங்கை பூந்தமல்லிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மகள் சவப்பெட்டியையும் பார்க்கவில்லை, கல்லறையையும் பார்க்கவில்லை. திரும்பி வந்து அப்பா எங்கே என்று கேட்டபோது, என் கணவரின் அண்ணன்தான் முந்திக்கொண்டு, அப்பா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னார். பச்சைப் பிள்ளையிடம் சாவைச் சொல்லக்கூடாது என்பது குடும்பத்தில் எல்லோருடைய எண்ணமும். எனக்கும் அப்போது வேறு எதையும் சொல்ல வாய் வந்திருக்காது.

முதல் போனுக்குப் பிறகு இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. முதுகில் அடித்தாள், கையைக் கிள்ளினாள், பக்கத்துப் பெஞ்ச் பிள்ளையைத் தள்ளிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் ஓடினேன். ஒவ்வொரு தடவையும் அவள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து என் சுடிதாரைப் பிடித்துக்கொண்டாள். ஹெச்.எம். அப்பா இல்லாத பிள்ளை, செல்லம் கூடிப்போச்சு என்றார். இப்படியே போனால் டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் மரியாதையாகவே சொன்னார்.

வகுப்பு டீச்சர் இளம்பெண். அவர்தான் ஒருநாள் வாசல்வரை என்கூட வந்து, தனக்குத் தெரிந்த ஒரு சிறப்பாசிரியரைப் பற்றிச் சொன்னார். வேலப்பன்சாவடியில் ஒரு சின்ன மையத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். பள்ளிக்கே வந்து பார்ப்பாராம். ஹெச்.எம்.மிடம் அனுமதி வாங்கியதும் அந்த டீச்சர்தான்.

சிறப்பாசிரியர் ஸ்கூட்டியில் வந்தார். நாற்பது வயதிருக்கும். என் மகளைக் கூப்பிட்டு ஏன் அடிக்கிறாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் அவளிடம் எதுவுமே கேட்கவில்லை. முதலில் காதையும் கண்ணையும் டாக்டரிடம் காட்டச் சொன்னார். தூக்கம், சாப்பாடு, வயிற்றுவலி எல்லாம் விசாரித்தார். எங்காவது வலிக்கிற பிள்ளைகூட அடிக்கும், அதை முதலில் பார்த்துவிடுவோம் என்றார். காது கண் இரண்டும் நன்றாகவே இருந்தன. பிறகு பல நாள் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவர் இல்லாத நாட்களில் டீச்சர் குறித்து வைத்தார். குறித்தது மூன்றே விஷயம்: அடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், அதற்குப் பிறகு உடனே என்ன நடந்தது.

என்னிடமும் தனியாக உட்கார்ந்து பேசினார். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி வரை அவள் என்ன செய்வாள், எது பிடிக்கும், எப்போது அழுவாள் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், நடுவில், அவளை விட்டுவிட்டுப் போகும்போது நான் என்ன சொல்வேன் என்று கேட்டார். அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன் என்று சொல்வேன் என்றேன். அப்பாவைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று அடுத்ததாகக் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வந்த வாக்கியம் என் காதிலேயே விழுந்தது. அப்பா வேலைக்குப் போயிருக்கிறார். அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து ஹெச்.எம். அறையில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். அவளுக்கு யார்மேலும் கோபம் இல்லை என்று சிறப்பாசிரியர் ஆரம்பித்தார். அடிப்பதற்கு முன்னால் யாரும் அவளிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. கணக்கு நடந்தாலும் பாட்டு நடந்தாலும் அடித்திருக்கிறாள், அதனால் பாடத்துக்குப் பயந்து செய்வதும் இல்லை. பெரும்பாலும் காலை இடைவேளை முடிந்து எல்லோரும் உள்ளே வந்த பிறகு. வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், பிறகு யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு அடி.

"அடிச்சதுக்கு அப்புறம் மட்டும் ஒரே ஒரு விஷயம் மாறாம நடக்குதும்மா," என்றார்.

"என்ன மேடம்?"

"நீங்க வரீங்க."

அவர் மெதுவாக விளக்கினார். ஒருநாள் என் போன் கிடைக்கவில்லை, அன்று கொஞ்ச நேரத்திலேயே இன்னொரு பிள்ளையை அடித்திருக்கிறாள். அவரோடு பேசுவதற்காக நான் காலையிலிருந்து பள்ளியிலேயே, அவள் கண்ணில் படுகிற மாதிரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாளில் ஒருவரைக்கூட அடிக்கவில்லை. அவள் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் அடித்தால் அம்மா வருவாள் என்பதை நாம் எல்லோரும் சேர்ந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்றார். ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்டனை என்று நினைத்து அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்டனை என்று நினைத்து நானும் ஓடிவந்துகொண்டிருந்தேன்.

திட்டம் அதிலிருந்துதான் உருவானது. அம்மா வேண்டும் என்பது தப்பான ஆசை இல்லை, அதைக் கேட்க அவளுக்கு வேறு வழி கொடுக்க வேண்டும் என்றார் சிறப்பாசிரியர். போன் படம் ஒட்டிய ஒரு அட்டை செய்தார். அதை டீச்சர் கையில் கொடுத்தால் உடனே எனக்குப் போன் போட்டு ஒரு நிமிஷம் பேசவைக்க வேண்டும். ஆரம்பத்தில் எத்தனை தடவை கொடுத்தாலும். அது பழகிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் காத்திருக்கச் சொல்லித்தர வேண்டும். அட்டை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இடைவேளை முடிந்ததும் தினமும் ஒரு போன். அன்றைய நாள் எப்படிப் போகும் என்று வரிசையாகப் படங்கள், கடைசிப் படத்தில் பள்ளி வாசலில் நான். அடித்துவிட்டால், அடிபட்ட பிள்ளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். திட்டக்கூடாது. பள்ளி ஆயாம்மா அவளைச் சற்றுத் தள்ளி உட்காரவைத்துப் பக்கத்திலேயே இருப்பார். அமைதியானதும் திரும்ப வகுப்புக்கு. அந்த நேரத்தில் எனக்குப் போன் போகாது. நானும் வரக்கூடாது.

"கொஞ்ச நாளைக்கு அதிகமாகவும் ஆகலாம்," என்று சொல்லிவைத்தார். "முன்னாடி வேலை செஞ்ச வழி இப்ப ஏன் வேலை செய்யலைன்னு இன்னும் ஓங்கி முயற்சி பண்ணுவா. அதனால முதல்ல ஆயாம்மா பக்கத்துலயே இருக்கணும்."

இன்னொன்றும் சொன்னார். அப்பா விஷயத்தை அவளிடம் உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். வேலை என்ற வார்த்தையைக் காலையில் சொல்லாமல், கடைக்குப் போகிறேன், சாயந்திரம் வாசலில் நிற்பேன் என்று சொல்லச் சொன்னார். இரண்டாவதை அன்றே செய்தேன். முதலாவதைச் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

முதல் வாரம் மோசமாகத்தான் போனது. ஆயாம்மா கையிலேயே நகக்கீறல். ஆனால் அட்டையைக் கொடுத்தால் அம்மா குரல் கேட்கும் என்பது அவளுக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் என் போன் அடித்தால் முதலாளி கையசைத்துவிடுவார், பின்பக்கம் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பேசுவேன். அவள் பெரும்பாலும் பேசமாட்டாள். மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அம்மா கடையில இருக்கேன்டா, சாயந்திரம் வாசல்ல இருப்பேன் என்பேன். ம் என்பாள். அவ்வளவுதான். அடிப்பது நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு வாரம் முழுக்க அடியே இல்லை என்று டீச்சர் சொன்னபோது, கடையில் யாரும் பார்க்காமல் திரும்பி நின்று அழுதேன்.

அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். எங்கள் தெருதான், எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடிப்பார்கள். வகுப்பிலும் பக்கத்துப் பக்கத்து இடம். அவள் அம்மா என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என் கணவர் இறந்தபோது பதினாறு நாளும் எங்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்தது அவள்தான்.

ஒருநாள் வகுப்பு டீச்சர் காய்ச்சலில் லீவு. அவருக்குப் பதிலாக மேல்வகுப்பு டீச்சர் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் திட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆயாம்மாவை அலுவலகத்தில் ஏதோ வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இடைவேளை முடிந்து வழக்கமான போன் வரவில்லை. என் மகள் எழுந்து போய் அட்டையைக் கொடுத்திருக்கிறாள். அந்த டீச்சர் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, போய் உட்காரு என்றாராம். திரும்ப எழுந்து போயிருக்கிறாள். மேஜையிலிருந்த அட்டையை எடுத்துத் திரும்ப அவர் கையில் வைத்திருக்கிறாள். இப்போது அவர் அதட்டியிருக்கிறார். இடத்துக்கு வந்தவள் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, பக்கத்தில் இருந்த தோழியின் முகத்தில் அடித்துவிட்டாள்.

புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் கொட்டியிருக்கிறது. எனக்குப் போன் செய்து சொன்னது ஆயாம்மா. "கண்ணு தப்பிச்சிகினு போச்சும்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்காங்க. ரெண்டு தபா கார்டு குடுத்துச்சாம்மா, புது டீச்சர் போன் போடலியாம். உம் பொண்ணு என்னாண்டதான் கீது. ஒடம்பெல்லாம் ஒதறுது."

ஆட்டோவில் ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் பள்ளி. அந்த மதில் பக்கம் வரும்போது ஆட்டோக்காரரிடம் நிறுத்துங்க என்று சொல்ல வந்தது. உள்ளே அவள் நடுங்கிக்கொண்டிருக்கிறாள். நான் இப்போது உள்ளே போனால், பாட்டிலால் அடித்தால் அம்மா வருவாள் என்று ஆகிவிடும். ஆனால் அவள் முதலில் கேட்டிருக்கிறாள். இரண்டு தடவை, சொல்லிக்கொடுத்த மாதிரியே, சரியாகக் கேட்டிருக்கிறாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. மதில் முடிகிறவரை துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்திருந்தார்கள். தோழி அவள் அம்மா மடியில் தூங்கிப்போயிருந்தாள். முகத்தில் பாதிக்குக் கட்டு. நான் போய் அவள் அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னென்னவோ சொன்னேன். அட்டை, மாற்று டீச்சர், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உன் பொண்ணு பாவந்தான்க்கா. நான் இல்லைன்னு சொல்லல. அதுக்கு எம்பொண்ணு கண்ணுதானா கெடச்சுது?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மகளை அடுத்த வாரமே வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டாள்.

ஹெச்.எம். டி.சி. என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்தார். மற்றப் பெற்றோரும் வந்து கேட்டிருக்கிறார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. சிறப்பாசிரியர் அன்றே வந்துவிட்டார். பிள்ளை திட்டத்தை மீறவில்லை, நாம்தான் மீறினோம் என்று ஹெச்.எம். முகத்தைப் பார்த்தே சொன்னார். தன் தப்பையும் சொன்னார்: வகுப்பு டீச்சர் வராத நாளில் யார் செய்வார்கள் என்று தான் யோசித்திருக்க வேண்டும். இப்போது எல்லா டீச்சர்களையும் உட்காரவைத்து அட்டையைக் காட்டினார். திட்டம் ஒரே தாளில் எழுதப்பட்டு வகுப்புச் சுவரிலேயே ஒட்டப்பட்டது. போன் கிடைக்காவிட்டால் கேட்கவைக்க என் குரலைப் பதிந்துகொண்டார். ஆயாம்மாவை அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக்கூடாது, பாட்டில் எல்லோருக்கும் பிளாஸ்டிக். ஹெச்.எம். யோசித்துவிட்டு அந்தப் பருவம் முடியும்வரை பார்க்கலாம் என்றார். வகுப்பு டீச்சர் அழுதுகொண்டிருந்தார்.

அந்த வாரச் சனிக்கிழமை பகலில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்றாள். சிறப்பாசிரியர் வீட்டில் பழகுவதற்கென்று சில வெற்று அட்டைகள் கொடுத்திருந்தார். அதில் ஒன்றில், பீரோவுக்குள் எங்கேயோ கிடந்த அவள் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைச் சோற்றால் ஒட்டியிருந்தாள். அதை என் கையில் வைத்தாள். பிறகு போனுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிறப்பாசிரியருக்குப் போன் செய்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அந்தக் கார்டுக்கு நம்மகிட்ட பதில் கிடையாதும்மா. ஆனா வாங்கிட்டு சும்மா இருந்துடாதீங்க. இப்பவே சொல்லிடுங்க. சின்ன வார்த்தையா, நேரா."

தூங்குகிறார் என்றோ பயணம் போயிருக்கிறார் என்றோ சொல்ல வேண்டாம், அவள் அதற்கும் பயப்படுவாள் என்றார்.

வெளியே வந்து அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "அப்பா வேலைக்குப் போகலடா. அப்பா செத்துட்டாங்க. அவங்க நெஞ்சு நின்னு போச்சு. அப்பா இனிமே வர மாட்டாங்க."

"போன்?" என்றாள்.

"போன்லயும் வர மாட்டாங்க."

கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை அடித்தாள். அதுவரை ஒருநாளும் என்னை அடித்ததில்லை. தோளில், நெஞ்சில், கன்னத்தில், இரண்டு கையாலும். நான் தடுக்கவில்லை. எங்கேயும் போகாமல் அங்கேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன். கை ஓய்ந்ததும் அழ ஆரம்பித்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் அப்பாவுக்காக அழுதாள், நானும் அன்றுதான் அவள் முன்னால் அழுதேன். மடித்த துணியெல்லாம் திரும்பக் கலைந்து கிடந்தது. மறுநாள் ஆராதனை முடிந்ததும் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். கணவரின் அண்ணன் அதற்காக என்மேல் வருத்தப்பட்டார், இப்போதும் அந்த வருத்தம் முழுதாகப் போகவில்லை.

அடிப்பது ஒரேயடியாக நிற்கவில்லை. நடுவில் ஒருநாள் தள்ளினாள், இன்னொருநாள் கிள்ளினாள். ஆனால் பருவம் முடிவதற்குள் அட்டைதான் அவள் பழக்கமாகிவிட்டது. பிறகு அட்டையைக் கொடுத்துவிட்டு ஒரு பாட்டு முடிகிறவரை காத்திருக்கப் பழகினாள், பிறகு பாடம் முடிகிறவரை. அப்புறம் வாயாலேயே கேட்டாள். இரண்டாம் வகுப்பில் மத்தியானம் ஒரு போன் போதும் என்றானது. இப்போது அதுவும் பல நாள் வருவதில்லை. பள்ளியில் எல்லோருக்கும் அது சந்தோஷம். எனக்கும்தான். ஆனாலும் மத்தியானம் பின்பக்கத்து மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

தோழியை சர்ச்சில் பார்க்கிறோம். புருவத்துக்கு மேல் கோடு தெரிகிறது. இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவள் அம்மா மெதுவாக, கோபமில்லாமல், மகளின் தோளைப் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிடுவாள். அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்வேன். என் மகள் இன்னும் அந்தப் பாயில் பாதியை விட்டுத்தான் உட்காருகிறாள்.

போன வாரம் ஷேர் ஆட்டோவில் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அவளிடம் பேச்சுக் கொடுத்தார். பேர் கேட்டார், வகுப்பு கேட்டார். அப்பா எங்கே வேலை செய்கிறார் என்றும் கேட்டுவிட்டார். நான் ஏதாவது சொல்லி மறைக்கப் பார்த்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"எங்கப்பா செத்துட்டாங்க. அம்மா மெடிக்கல்ல இருப்பாங்க. சாயந்திரம் வந்துடுவாங்க."

அந்த அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.